அப்ரைசலுக்கு முன்பே போய்ச் சேரவேண்டிய ஒரு பக்கம்

*வணக்கம் அக்கா. ஜூரோங்கில் ஒரு சரக்கு நிறுவனத்தில், இறக்குமதி ஆவணப் பிரிவில் ஐந்து ஆண்டாக வேலை பார்க்கிறேன். அடிப்படைச் சம்பளம் 4,100 வெள்ளி. டிசம்பரில் 13ஆம் மாதச் சம்பளம் உண்டு. கொள்கலன்களைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் கப்பல் நிறுவனம் டிடென்ஷன் கட்டணம் போடும். அதில் வாடிக்கையாளரிடம் வாங்க முடியாமல் கம்பெனியே கட்டியது போன ஆண்டு 620 கொள்கலனுக்கு 37,200 வெள்ளி. ஜனவரியிலிருந்து அந்தக் கண்காணிப்பை நான் எடுத்துச் செய்கிறேன். செப்டம்பர் வரை 540 கொள்கலனுக்கு 11,880 வெள்ளிதான். ஓய்வுபெற்ற சீனியரின் வேலையும் மார்ச்சிலிருந்து என்னிடம். புதிதாக வந்த பையனுக்கு 4,500 என்று கேள்விப்பட்டேன். வீட்டுக் கடன், பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் ஏறிவிட்டன. டிசம்பர் இரண்டாம் வாரம் அப்ரைசல். பாஸ் நல்லவர், ஆனால் முடிவு அவர் கையில் மட்டும் இல்லை. எழுத்தில் கொடு என்கிறாள் தோழி. என்ன எழுதுவது, எப்போது கொடுப்பது?*
*– வாசகி, ஜூரோங் வெஸ்ட்*

அன்புத் தங்கைக்கு,

எப்போது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதமே கொடுங்கள், தீபாவளிக்கு லீவு எடுப்பதற்கு முன்னால். டிசம்பர் இரண்டாம் வாரம் நீங்கள் பாஸ் எதிரே உட்காரும்போது உங்கள் எண் அநேகமாக முடிவாகியிருக்கும். ஜனவரியில் சம்பளம் ஏற்றும் நிறுவனங்களில் அடுத்த ஆண்டுக்கான சம்பள பட்ஜெட் அக்டோபர், நவம்பரிலேயே நிதிப் பிரிவுக்குப் போய்விடும். டிசம்பர் கூட்டத்தில் பேசுவது உங்கள் வேலையைப் பற்றி. காசைப் பற்றிய பேச்சு அதற்கு முன்பே, நீங்கள் இல்லாத அறையில் நடந்து முடிந்திருக்கும். மனிதவளப் பிரிவில் சம்பள பட்ஜெட் வேலையிலேயே பல காலம் இருந்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நல்ல காரணம் இருந்தும் வெறுங்கையோடு போனவர்களில் பலர் சொன்ன விஷயத்தில் தப்பில்லை, சொன்ன தேதிதான் தப்பு.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் என்ன எழுதவேண்டும் என்பது தானாகப் புரியும். உங்கள் பாஸுக்கு ஒரு மொத்தத் தொகை கொடுப்பார்கள். எட்டுப் பேரின் மாதச் சம்பளம் சேர்த்து 34,000 வெள்ளி, உயர்வு 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இருப்பது மாதம் 1,360 வெள்ளி. அதில் உங்கள் பங்கு 164 வெள்ளி. நீங்கள் 600 வெள்ளி கேட்டால், மிச்சம் 760ஐ ஏழு பேருக்குப் பிரிக்கவேண்டும், ஆளுக்கு 108 வெள்ளிதான் வரும். எவ்வளவு நல்ல பாஸாக இருந்தாலும் இதைச் செய்யமாட்டார், செய்யவும் கூடாது. அதனால் நீங்கள் கேட்கவேண்டியது இந்தப் பானையிலிருந்து பெரிய கரண்டி அல்ல. இதற்கு வெளியே, வேலையின் அளவு மாறியதற்காகவும் சந்தை நிலவரத்துக்காகவும் தனியாக ஒதுக்கும் சம்பளச் சீரமைப்பு. உங்கள் அலுவலகத்தில் இதை சேலரி அட்ஜஸ்ட்மென்ட் என்பார்கள். இதற்குப் பாஸ் மட்டும் சரி என்றால் போதாது. மனிதவளப் பிரிவும் நிதிப் பிரிவும், உங்களுடையது போன்ற கம்பெனியில் இயக்குநரும் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும்.

ஆக, உங்கள் தாளை உண்மையில் படிக்கப்போவது உங்களைத் தெரியாத ஒருவர். உங்கள் முகத்தையோ நீங்கள் ஏழரை மணி வரை உட்கார்ந்திருந்ததையோ அவர் பார்த்ததில்லை. பாஸ் அதை ஒரு வரிகூட மாற்றாமல் அப்படியே மேலே அனுப்ப முடியவேண்டும். ஒவ்வொரு வரியையும் அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் வீட்டுக் கடனும் டியூஷனும் தாளில் வராது. அந்தச் சுமை உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எட்டுப் பேருக்கும் அந்தச் சுமை உண்டு, அதை வைத்து உங்களுக்கு மட்டும் ஏற்ற நிதிப் பிரிவுக்கு வழியில்லை. தேசிய சம்பள மன்றத்தின் பரிந்துரையை மேற்கோள் காட்டலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அதில் விழுக்காட்டோடு வரும் பரிந்துரை குறைந்த சம்பளம் வாங்குவோருக்கானது. 4,100 வெள்ளிக்காரர் அதைக் காட்டினால் எதிர்த்தரப்புக்குத்தான் வசதி.

இனி உங்கள் சாதனைக்கு வருவோம். டிடென்ஷன் கணக்கு அருமையான ஆதாரம், ஏனென்றால் அது நிதிப் பிரிவின் சொந்த ஏட்டிலேயே இருக்கிறது. ஆனால் 37,200இலிருந்து 11,880ஐக் கழித்து 25,320 வெள்ளி மிச்சப்படுத்தினேன் என்று எழுதிவிடாதீர்கள். ஒன்று முழு ஆண்டு, இன்னொன்று ஒன்பது மாதம். நிதிப் பிரிவில் இருப்பவர் அதை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். அதற்கப்புறம் மற்ற எண்களையும் நம்பமாட்டார்.

ஒரு கொள்கலனுக்கு எவ்வளவு என்று மாற்றுங்கள். போன ஆண்டு 37,200ஐ 620ஆல் வகுத்தால் 60 வெள்ளி. இந்த ஆண்டு 11,880ஐ 540ஆல் வகுத்தால் 22 வெள்ளி. பழைய விகிதமே நீடித்திருந்தால் 540 கொள்கலனுக்கு 32,400 வெள்ளி கட்டியிருக்கவேண்டும், கட்டியது 11,880. மிச்சம் 20,520 வெள்ளி. 25,320ஐவிடச் சிறிய எண்தான், ஆனால் யார் கேள்வி கேட்டாலும் நிற்கும்.

அதையும் இரண்டு விதமாகத் தட்டிப் பாருங்கள். முதலாவது, போன ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் நெரிசலால் கட்டணம் எகிறியிருந்தால் அந்த 60 வெள்ளி செயற்கையாக உயர்ந்திருக்கும். போன ஆண்டின் ஜனவரி முதல் செப்டம்பர் வரைக்கான கணக்கைத் தனியாக எடுத்து அதையும் இந்த ஒன்பது மாதத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது, இந்தக் குறைவில் உங்களுடையது எவ்வளவு? விற்பனைப் பிரிவு ஏதாவது ஒரு கப்பல் நிறுவனத்திடம் பேசி, கட்டணமில்லாத நாள்களை 7இலிருந்து 14ஆகக் கூட்டி வாங்கியிருந்தால், அந்தக் கொள்கலன்களின் மிச்சம் அவர்களுடைய உழைப்பு. அவற்றை இரண்டு ஆண்டுக் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். எண் 17,000 ஆகக் குறைந்தாலும் பரவாயில்லை, அதையே எழுதுங்கள். விற்பனைப் பிரிவின் பங்கை நீக்கிவிட்டுத்தான் இந்தக் கணக்கு என்று ஒரு வரியும் சேருங்கள். அந்த ஒரு வரி உங்கள் தாளை வேறு தரத்துக்குக் கொண்டுபோய்விடும்.

எப்படிச் செய்தீர்கள் என்பதற்கு இரண்டு வரி போதும். ஒவ்வொரு கொள்கலனின் கடைசி நாளையும் ஒரே அட்டவணையில் வைத்து, மூன்று நாள் முன்பே போக்குவரத்து நிறுவனத்துக்கும் கிடங்குக்கும் நினைவூட்டல் அனுப்பினீர்களா? நீங்கள் செய்தது எதுவோ அதை அப்படியே எழுதுங்கள். இது வேண்டியதற்குக் காரணம், குறைவு தற்செயலாக வந்ததல்ல, அடுத்த ஆண்டும் தொடரும் என்று படிப்பவருக்குத் தெரியவேண்டும்.

சீனியரின் வேலையைச் சேர்த்துச் செய்வது உங்களுடைய இன்னொரு வலுவான ஆதாரம். சீரமைப்பு என்று கேட்க அதுதான் முதல் காரணம். ஆனால் "நிறைய வேலை பார்க்கிறேன்" என்றால் காற்றில் போய்விடும். அவருடைய பொறுப்புகளில் எவை உங்களிடம் வந்தன, எந்தத் தேதியிலிருந்து, வாரத்துக்கு எத்தனை பெர்மிட், எத்தனை வாடிக்கையாளர், அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தார்களா என்று எழுதுங்கள். மார்ச்சில் பாஸ் உங்களிடம் ஒப்படைத்த மின்னஞ்சல் இருந்தால் அதன் தேதியைக் குறிப்பிடுங்கள். சாதனை என்று இந்த இரண்டு போதும். ஏழெட்டைத் திணித்தால் படிப்பவர் நல்லதையும் சேர்த்துத் தாண்டிவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. கணக்கு போடுவதற்காக வாடிக்கையாளர் பட்டியலையோ இன்வாய்ஸ்களையோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அலுவலகக் கணினியிலேயே போட்டு, மொத்த எண்களை மட்டும் தாளில் வையுங்கள். சம்பள உயர்வு கேட்கப் போனவர் ஒழுங்கு நடவடிக்கையில் மாட்டுவது வேண்டாம்.

அடுத்து சந்தை நிலவரம். மனிதவள அமைச்சு ஆண்டுதோறும் தொழில்வாரியான சம்பள அட்டவணை வெளியிடுகிறது, stats.mom.gov.sg தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரே வேலை பார்ப்பவர்களைச் சம்பளப்படி வரிசையாக நிறுத்தினால் கீழிருந்து கால் பங்கில் நிற்பவர், நடுவில் நிற்பவர், முக்கால் பங்கில் நிற்பவர் என்று மூன்று பேரின் சம்பளம் அதில் இருக்கும். உங்கள் விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவிப் பெயர் அங்கே இருக்காது. செய்யும் வேலையை வைத்துத் தேடுங்கள். கப்பல் ஆவண வேலை எழுத்தர் வகையிலும் வரலாம், அதற்கு மேற்பட்ட வகையிலும் வரலாம், இரண்டுக்கும் சம்பளம் வேறு. சீனியரின் பொறுப்பும் உங்களிடம் வந்திருப்பதால் மேல் வகைதான் பொருந்தும் என்று நீங்கள் நினைத்தால், ஏன் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மேல் வகையை எடுத்துப் போட்டால் மனிதவளப் பிரிவு கீழ் வகையை எடுத்துக் காட்டும்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அந்த அட்டவணையில் உள்ள மொத்தச் சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், மாதப் படிகள் எல்லாம் சேரும். போனஸும் முதலாளி கட்டும் மத்திய சேமநிதியும் சேராது. ஆனால் செய்திகளில் வரும் சிங்கப்பூரின் இடைநிலை வருமானம் பெரும்பாலும் முதலாளியின் சேமநிதிச் சந்தாவையும் சேர்த்த எண். அதை உங்கள் 4,100 பக்கத்தில் வைத்தால் இடைவெளி இல்லாத இடத்திலும் இடைவெளி தெரியும். உங்கள் கையில் வரும் தொகையையும் வைக்காதீர்கள், அது உங்கள் 20 விழுக்காடு சேமநிதி போன பிறகு உள்ளது. உங்கள் சம்பளச் சீட்டில் சேமநிதிக் கழிவுக்கு முன் உள்ள மாத மொத்தத்தை எடுத்து, அட்டவணையின் மொத்தத்தோடு வையுங்கள். இன்னொன்று, அந்த அட்டவணை குறைந்தது 25 பேர் உள்ள தனியார் நிறுவனங்களிலிருந்து எடுக்கப்படுவது. உங்கள் கம்பெனி சிறியது என்றால் அவர்கள் அதைச் சுட்டிக்காட்டுவார்கள், தயாராக இருங்கள்.

அதற்குப் பக்கபலமாக mycareersfuture.gov.sg தளத்தின் வேலை விளம்பரங்கள். அதில் சம்பள வரம்பு போட்டிருப்பார்கள். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் வந்த, உங்கள் வேலையோடு ஒத்துப்போகும் எட்டுப் பத்து விளம்பரம் போதும். ஒரே வேலையை மூன்று ஏஜென்சிகள் போட்டிருக்கும், அதை ஒன்றாகவே எண்ணுங்கள். வரம்பின் மேல் எல்லையை எடுக்காதீர்கள், அந்தச் சம்பளத்துக்கு அவர்கள் எடுக்க நினைப்பது உங்களைவிட அனுபவம் கூடியவரை. ஒவ்வொன்றிலும் நடுப்புள்ளியை எடுத்து வரிசைப்படுத்தி, மத்தியில் வருவதைக் குறியுங்கள். விளம்பரம் மூடிவிட்டால் ஆதாரம் போய்விடும், பார்த்த அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்த பையனின் 4,500ஐத் தாளில் எழுதவே எழுதாதீர்கள். அது காதில் விழுந்த எண், தப்பாக இருந்தால் உங்கள் கதை முடிந்தது. சரியாக இருந்தாலும் அவர் சம்பளத்தை வெளியே சொன்னது யார் என்ற பேச்சில் உங்கள் விஷயம் காணாமல் போய்விடும். ஆனால் அவரை எடுக்க உங்கள் கம்பெனி அந்தத் தளத்தில் விளம்பரம் போட்டிருந்தால், அதில் உள்ள சம்பள வரம்பு எல்லாரும் பார்க்கக்கூடியது. "இந்தப் பதவிக்கு நம் நிறுவனமே அறிவித்த வரம்பு" என்று அதை எழுதலாம். இதைவிட வலுவான சந்தை ஆதாரம் கிடையாது என்பது என் கருத்து. உங்கள் கம்பெனியின் பெயரை அங்கே முதலில் தேடிப் பாருங்கள்.

கேட்கும் எண் ஒன்றாக இருக்கட்டும். 4,500 முதல் 4,800 வரை என்று எழுதினால் நிதிப் பிரிவுக்கு 4,500 மட்டும்தான் தெரியும். அட்டவணையும் விளம்பரங்களும் 4,650ஐ ஒட்டி வந்தன என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குப் புரிவதற்காக நான் போடும் எண், நீங்கள் பார்ப்பதை இடுங்கள். அப்படியானால் 4,700 கேட்கலாம். எதற்குக் கீழே போனால் ஏற்கமாட்டீர்கள் என்பதை மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், தாளில் வேண்டாம்.

அந்த 600 வெள்ளி கம்பெனிக்கு உண்மையில் எவ்வளவு செலவு என்பதையும் நீங்களே போட்டுக் காட்டுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் நிதிப் பிரிவு முதலில் போடும் கணக்கே இதுதான். நீங்கள் 55 வயதுக்கு உட்பட்ட குடிமகள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலாளியின் சேமநிதி 17 விழுக்காடு, ஆக மாதம் 702 வெள்ளி. உங்களுக்கு 13 மாதச் சம்பளம், அதற்கும் சேமநிதி உண்டு. 702ஐ 13ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 9,126 வெள்ளி. ஒன்பது மாதத்தில் குறைந்த செலவு 20,520 வெள்ளி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், விளக்கமே வேண்டாம்.

எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், உள்ளே இருக்கவேண்டியது இவ்வளவுதான்:

> வரும் ஜனவரியிலிருந்து என் அடிப்படைச் சம்பளத்தை 4,100 வெள்ளியிலிருந்து 4,700 வெள்ளியாகச் சீரமைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இது ஆண்டு உயர்விலிருந்து தனியானது.
>
> மார்ச் முதல் ஓய்வுபெற்ற மூத்த அதிகாரியின் இறக்குமதி பெர்மிட் பணிகளையும் அவருடைய வாடிக்கையாளர்களையும் நானே கவனிக்கிறேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்கப்படவில்லை.
>
> கம்பெனி ஏற்ற டிடென்ஷன் செலவு ஒரு கொள்கலனுக்கு 60 வெள்ளியிலிருந்து 22 வெள்ளியாகக் குறைந்துள்ளது. செப்டம்பர் வரை 540 கொள்கலனுக்கு மிச்சம் 20,520 வெள்ளி. நிதிப் பிரிவின் பதிவுகளில் சரிபார்க்கலாம்.
>
> மனிதவள அமைச்சின் அட்டவணையிலும் தற்போதைய விளம்பரங்களிலும் இந்தப் பொறுப்புக்கான இடைநிலைச் சம்பளம் 4,650 வெள்ளியை ஒட்டி உள்ளது. விவரம் இணைப்பில்.
>
> முதலாளியின் சேமநிதியும் 13ஆம் மாதச் சம்பளமும் சேர்த்து நிறுவனத்துக்கு ஆகும் கூடுதல் செலவு ஆண்டுக்கு 9,126 வெள்ளி.

கேட்பது முதல் வரியிலேயே இருப்பதைக் கவனியுங்கள். மரியாதைக்காக அதைக் கடைசிக்குத் தள்ளுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு நாளைக்கு இப்படிப் பல தாள் பார்ப்பவர் கடைசி வரை போகமாட்டார். வேறு இடத்தில் வேலை கிடைக்கும் என்ற வரியும் வேண்டாம். கையில் உண்மையான கடிதம் இருந்து, போகவும் மனம் இருந்தால்தான் அந்தப் பேச்சு.

தாளை வெறுமனே மின்னஞ்சலில் அனுப்பிவிடாதீர்கள். முதலில் பாஸிடம் கால்மணி நேரம் கேட்டு, "அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்கு முன்னால் என் சம்பளம் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், நீங்கள் மேலே அனுப்ப வசதியாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அன்றே அனுப்புங்கள். அவருடைய பதிலை வைத்தே நிலவரம் தெரியும். இணைப்பைக் கேட்டாலோ, ஒரு எண்ணைச் சரிபார்த்தாலோ, மனிதவளப் பிரிவுக்கு அனுப்பலாமா என்றாலோ, தாள் நகர்கிறது. "டிசம்பரில் பார்க்கலாம்" என்றால் நின்றுவிட்டது. அப்போது சண்டை வேண்டாம், ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "சீரமைப்புக் கோரிக்கைகள் நிதிப் பிரிவுக்கு எந்தத் தேதிக்குள் போகவேண்டும், பாஸ்?" தேதி தெரிந்தால் அதற்கு ஒரு வாரம் முன்னால் நினைவுபடுத்தலாம். தேதி ஏற்கெனவே போய்விட்டது என்று தெரிந்தால், ஜூலையில் இடையில் பார்க்க முடியுமா, அதற்கு எந்த எண் எவ்வளவு இருக்கவேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதி மட்டும் கிடைக்கலாம், அல்லது உயர்வுக்குப் பதில் ஒரே தடவை போனஸாகத் தருகிறோம் என்பார்கள். அதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை போனஸ் அடுத்த ஆண்டின் 4 விழுக்காட்டுக்கு அடித்தளமாகாது, உங்கள் அடிப்படை 4,100இலேயே நிற்கும். போனஸை வாங்கிக்கொண்டு, சீரமைப்பை ஜூலையில் மறுபடி பார்ப்பதாகத் தேதியும் வாங்கிவிடுங்கள்.

ஜனவரியில் கடிதம் வந்தால் அந்தத் தொகை அடிப்படைச் சம்பளத்தில் ஏறியிருக்கிறதா, அலவன்ஸ் என்று தனி வரியில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அலவன்ஸுக்கும் சேமநிதி வரும் என்பதால் மாதச் சீட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் 13ஆம் மாதச் சம்பளத்தை அடிப்படையை வைத்துக் கணக்கிடும் கம்பெனியாக இருந்தால் டிசம்பரில் 600 வெள்ளி குறைந்துவிடும். பொறுப்பு மாறினால் அலவன்ஸை எடுத்துவிடவும் முடியும். அப்படி இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.